தமிழும் இங்கிலீஷும் கலந்த வீடியோ ஸ்கிரிப்ட்: வாயில் வருவது போல மாற்றி எழுதும் முறை

வங்கி, இன்ஷூரன்ஸ் மாதிரி இடங்களுக்கு விளக்க வீடியோ ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுப்பது என் வேலை. வருகிற மூலம் எப்போதும் சுத்த இங்கிலீஷ், இல்லையென்றால் படிவத் தமிழ். கூடவே ஒரு வரி: "நம்ம ஊர்ல பேசற மாதிரி மாத்திக் கொடுங்க." புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். மூல வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயர்ச்சொல் இருக்கும் இடத்தில் எல்லாம் இங்கிலீஷ் பெயர்ச்சொல்லைச் சொருகிவிடுகிறார்கள்.

ஒரே பத்தியை வைத்தே முழுவதையும் காட்டுகிறேன். ஒரு வங்கிக்காக எழுதிய வீடியோ. கடையில் யுபிஐ மூலம் பணம் கட்டி, பணம் கழிந்து, கடைக்காரருக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பது விஷயம். மூலம் இப்படி இருந்தது:

"யுபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்தப்பட்ட தொகை தங்கள் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, வணிகருக்கு உறுதிப்படுத்தல் கிடைக்கப்பெறாத நிலையில், அத்தொகை 5 நாட்களுக்குள் தானியங்கி முறையில் தங்கள் கணக்கில் மீண்டும் வரவு வைக்கப்படும். தாமதம் ஏற்படின் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு வழங்கப்படும்."

புதியவர் ஒருவர் மாற்றிக் கொடுத்தது இது:

"ஹாய் கைஸ், யுபிஐ வழியாக மெர்ச்சன்ட்டுக்கு பே செய்த அமவுன்ட் உங்கள் அக்கவுன்ட்டில் டெபிட் ஆகி, மெர்ச்சன்ட்டுக்கு கன்ஃபர்மேஷன் ரிசீவ் ஆகாத நிலையில், அந்த அமவுன்ட் ஃபைவ் டேஸுக்குள் ஆட்டோமேட்டிக்காக ரிவர்ஸ் செய்யப்படும்."

எலும்பு படிவத் தமிழ், சதை மட்டும் இங்கிலீஷ். இப்படி யாரும் பேசுவதில்லை. சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற, நாள் முழுக்க இரண்டு மொழியும் கலந்து பேசுகிறவர்கூட "ஆகாத நிலையில்" என்று வாயைத் திறக்கமாட்டார்.

1. உட்காருவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பேசுபவர் யார் என்று முடிவாக வேண்டும். "அர்பன் ஆடியன்ஸ்" என்று கிளையன்ட் சொல்வது போதாது. வயது, ஊர், வேலை மூன்றும் வேண்டும். சென்னைக்காரர் "வந்துடுச்சு" என்பார், மதுரைப் பக்கம் "வந்துருச்சு". எழுதுகிறவர் மதுரை, பேசுகிற கலைஞர் சென்னை என்றால், இது முடிவாகாத ஸ்கிரிப்ட்டில் இரண்டும் மாறி மாறி வரும். கேட்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டாமல் இருக்கும். நம் வீடியோவில் பேசுபவர் முப்பது வயதுப் பெண், சென்னை, வங்கிக் கிளையில் வேலை.

இரண்டாவது, அப்படிப்பட்ட ஒருவர் இதே விஷயத்தைத் தன் வீட்டு ஆளுக்கு விளக்கும் பத்து நிமிட ஒலிப்பதிவு. அனுமதி கேட்டு, போனிலேயே எடுத்தால் போதும். பேட்டி மாதிரி எடுக்காதீர்கள், மைக்கைப் பார்த்ததும் ஆள் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார். "உங்க அம்மாவுக்கு இப்படி ஆச்சுன்னா எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு சும்மா இருங்கள்.

மூன்றாவது, மாற்றவே கூடாத சொற்களின் பட்டியல். இதைக் கிளையன்ட்டிடம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். கடைசியில் வாங்கினால் பாதி ஸ்கிரிப்ட் திரும்ப எழுத வேண்டி வரும்.

2. மூலத்தை விஷயமாக உடைத்துவிட்டு, மூடி வையுங்கள்

மூலத்திலிருந்து சொல்ல வேண்டியவற்றை மட்டும் துண்டு துண்டாகக் குறித்துக்கொள்ளுங்கள், முழு வாக்கியமாக வேண்டாம். நம் பத்தியில் இருப்பது: கடையில் கட்டியது, பணம் கழிந்தது, கடைக்கு உறுதி வரவில்லை, 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய்.

இந்தக் கட்டத்திலேயே மூலத்தில் விட்டுப்போனதும் தெரிய வரும். இந்த விதி ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில் இருக்கிறது. அதில் யுபிஐயைப் பொறுத்தவரை 5 நாள் என்பது கடைக்குக் கட்டிய பணத்துக்கு மட்டும்; ஒருவருக்கொருவர் அனுப்பும் பணம் போய்ச் சேராவிட்டால் 1 நாள்தான். நஷ்ட ஈட்டையும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் வரை காத்திருக்காமல் வங்கியே போட வேண்டும். இந்த இரண்டும் மூலப் பத்தியில் இல்லை. கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்த்தோம்.

அப்புறம் மூலத்தை மூடிவிடுங்கள். கண்ணுக்கு எதிரே இருந்தால் "நிலையில்", "பட்சத்தில்", "படும்" எல்லாம் ஒவ்வொன்றாக உங்கள் வரிக்குள் நுழையும்.

3. முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் எழுதுங்கள்

பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எதிரே ஒருவரை உட்கார வைத்துச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எதிரே ஆள் முக்கியம். தனியாகப் பேசினால் உரை வரும், ஆளிடம் பேசினால்தான் "இப்போ என்ன பண்றது?" மாதிரி கேள்விகளும், "ஆனா ஒண்ணு" மாதிரி இடைநிறுத்தங்களும் வரும்.

பதிவைக் கேட்டு உள்ளது உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள், இழுப்பு, திரும்பச் சொன்னது எல்லாம் சேர்த்து. நான் சொல்லிப் பார்த்தபோது முதல் வரியே "கடையில ஜிபே பண்றீங்க, காசு கட் ஆயிடுச்சு" என்று வந்தது. "தொகை", "அமவுன்ட்" இரண்டுமே வரவில்லை. காசுக்குத் தமிழ்தான் வந்தது, கழிந்ததற்கு இங்கிலீஷ், அதுவும் வங்கி சொல்கிற "டெபிட்" இல்லை, "கட்". இதை யோசித்து எழுதியிருந்தால் பிடித்திருக்க முடியாது.

4. சொற்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

எது இங்கிலீஷாக இருக்கலாம், எது கூடாது என்பதை உங்கள் ரசனை முடிவு செய்யக்கூடாது, ஒலிப்பதிவு முடிவு செய்ய வேண்டும். முதல் குவியல், வாயில் இங்கிலீஷ் மட்டுமே வருபவை: அக்கவுன்ட், பேலன்ஸ், மெசேஜ், ஸ்கிரீன்ஷாட், ரீஃபண்ட், க்யூ. இரண்டாவது, தமிழ் மட்டுமே வருபவை: காசு, கடைக்காரர், நேத்து, அவசரம், பின்னாடி. இந்த இரண்டில் சண்டை கிடையாது. புதியவர்கள் வழுக்குவது இரண்டாவது குவியலில்தான்; கடைக்காரரை "மெர்ச்சன்ட்" ஆக்குவதும் காசை "மனி" ஆக்குவதும் நகரத்துப் பேச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெட்டிக் கடையில் நிற்கிற யாரும் "மெர்ச்சன்ட்டுக்கு வரல" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாவது குவியல், இரண்டு விதமாகவும் வருபவை: பிரச்சனை, ப்ராப்ளம், இஷ்யூ, முதல்ல, ஃபர்ஸ்ட், ஆனா, பட். இதில் பேசுபவருக்கு ஒன்றைத் தேர்ந்துவிட்டு அதிலேயே நில்லுங்கள். ஒருவர் "ப்ராப்ளம்" என்றால் இரண்டு நிமிட வீடியோ முழுக்க "ப்ராப்ளம்"தான். நிஜப் பேச்சில் ஒரே ஆள் மாற்றி மாற்றிச் சொல்வது உண்டு, அது உண்மைதான். ஆனால் வீடியோவில் மாற்றினால் கேட்பவர் இரண்டு வேறு விஷயமோ என்று ஒரு கணம் நின்றுவிடுகிறார்.

"ஸோ", "ஆக்சுவலி", "பேசிக்கலி" இவற்றை உப்பு மாதிரி போடுங்கள். ஒலிப்பதிவில் இருபது "ஸோ" இருந்தாலும் ஸ்கிரிப்ட்டில் இரண்டு போதும்.

5. மூட்டுகளைச் சரி பாருங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் இதுதான். பேச்சில் இங்கிலீஷ் சொல் எங்கே வேண்டுமானாலும் வரும், ஆனால் சொல்லையும் சொல்லையும் கட்டுகிற வேலை தமிழுடையது. வேற்றுமை உருபு, காலம், "-ன்னா", "-ன்னு", "தான்" எல்லாம் தமிழ். அந்தக் கட்டு பேச்சுத் தமிழாக இருக்க வேண்டும். "அக்கவுன்ட்டில்" என்று எழுதினால் போச்சு, "அக்கவுன்ட்ல". "பேங்கின்" கிடையாது, "பேங்கோட". ஸ்கிரீனில் தெரிகிற சொல்லை "-னு" போட்டுக் கட்டுங்கள்: "ஆப்ல பெண்டிங்னு காட்டும்."

இங்கிலீஷ் வினைச்சொல் தமிழில் தனியாக நிற்காது, "பண்ணு" அல்லது "ஆகு" துணைக்கு வர வேண்டும். ஒருவர் செய்தால் "பண்ணு", தானாக நடந்தால் "ஆகு". "செய்" போட்டால் உடனே அறிவிப்புப் பலகை வாடை வந்துவிடும். "கிளிக் செய்யவும்" என்பதைப் பலகையிலும் ஸ்கிரீனிலும் பார்க்கலாம், வாயில் "கிளிக் பண்ணுங்க"தான்.

இந்த இரண்டில் எதைப் போடுகிறீர்கள் என்பது நடை மட்டும் இல்லை, அர்த்தமும்கூட. "காசை பேங்க் ரிவர்ஸ் பண்ணும்" என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்கிறார், அவரைப் போய்க் கேட்கலாம் என்று ஆகிறது. "காசு ரிவர்ஸ் ஆயிடும்" என்றால் தானாக நடக்கும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். சுற்றறிக்கை சொல்வது தானாகத் திரும்புவதை, அதனால் இங்கே "ஆகு". நஷ்ட ஈட்டுக்கு வரும்போது பொறுப்பு வங்கிக்கு, அதனால் "பேங்க் தரணும்". மூலத்தில் இரண்டுக்குமே "-படும்" போட்டு யார் செய்கிறார்கள் என்பதை மூடி வைத்திருந்தார்கள். பேச்சில் செயப்பாட்டு வினை அநேகமாகக் கிடையாது என்பதால், மாற்றி எழுதும்போது அந்த மூடியைத் திறந்தே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் கிளையன்ட்டைக் கேளுங்கள், ஊகிக்காதீர்கள்.

"-ஐ" உருபில் ஒரு பொறி இருக்கிறது. பேச்சில் பொருள்களுக்கு அது பாதி நேரம் வராது: "ஸ்கிரீன்ஷாட் எடுங்க", "கம்ப்ளெயின்ட் பண்ணுங்க". எல்லாவற்றுக்கும் ஒட்டினால் பள்ளிக்கூட வாசனை. ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட்டில் "ஆப்பை ஓபன் பண்ணுங்க" என்று போயிருந்தது; ஒலிப்பதிவுக் கூடத்தில் கலைஞர் சிரித்துவிட்டார், சாம்பார் ஊற்றுகிற ஆப்பை. "ஆப்பு" என்று எழுதினால் அது இன்னும் மோசம். "ஆப் ஓபன் பண்ணுங்க", "ஆப்ல போய்" என்று சுற்றிப் போய்விடுங்கள்.

இங்கிலீஷில் முழுத் தொடராகவே போக வேண்டுமென்றால், ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் மாறுங்கள்: "டோன்ட் வொர்ரி, இதுக்கு ஒரு ரூல் இருக்கு." நடுவில் இங்கிலீஷின் சின்னச் சொற்களான "இன்", "ஃப்ரம்", "யுவர்" மட்டும் தனியாக வந்து உட்காராது. ஒரு விதிவிலக்கு உண்டு. "வித்தின் ஃபைவ் டேஸ்ல வந்துடும்" என்று நிறைய பேர் சொல்கிறார்கள், முன்னால் "வித்தின்", பின்னால் "-ல", ஒரே வேலைக்கு இரண்டு ஆள். ஒலிப்பதிவில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாகப் போடாதீர்கள்.

6. எண்களை எழுத்தாக எழுதுங்கள்

பக்கத்தில் 5 என்று இருந்தால் ஒரு கலைஞர் "ஐந்து" என்பார், இன்னொருவர் "ஃபைவ்" என்பார். நமக்கு வேண்டியது "அஞ்சு". அதனால் வாயில் வர வேண்டியபடியே எழுதிவிடுங்கள். நான் பார்த்தவரை சென்னைப் பேச்சில் சின்னத் தொகையும் நாளும் தமிழில் வரும் (நூறு ரூபா, அஞ்சு நாள்), போன் நம்பர், ஓடிபி, பர்சென்ட் இங்கிலீஷில் வரும்.

சுற்றறிக்கையில் T+5 என்று இருக்கும். T என்பது பணம் கட்டிய தேதி. இதை ஸ்கிரீனில் காட்டலாம், வாயில் வைக்காதீர்கள். "அஞ்சு நாளைக்குள்ள" என்று சொல்லி, எப்போதிலிருந்து என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்: "காசு கட்டின தேதியை விட்டுட்டு எண்ணுங்க."

7. எழுதியதைக் காதால் திருத்துங்கள்

இந்தக் கட்டத்தில் நம் பத்தி இப்படி இருந்தது:

"கடையில ஜிபே பண்றீங்க. காசு கட் ஆயிடுச்சு, மெசேஜும் வந்துடுச்சு. ஆனா கடைக்காரர், 'எனக்கு வரலையே மேடம்'ங்கறாரு. பின்னாடி க்யூல நாலு பேர் நிக்கறாங்க. இப்போ என்ன பண்றது? ஃபர்ஸ்ட், டென்ஷன் ஆகாதீங்க, உங்க காசு எங்கயும் போகாது. அஞ்சு நாளைக்குள்ள தானா உங்க அக்கவுன்ட்டுக்கே ரிவர்ஸ் ஆயிடணும், இது ஆர்பிஐ ரூல். காசு கட்டின தேதியை விட்டுட்டு எண்ணுங்க. அஞ்சு நாள் தாண்டிடுச்சா? அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபா, நீங்க கேக்காமலேயே பேங்க் தரணும். ஆனா ஒண்ணு, இந்தக் கணக்கு கடைக்கு மட்டும்தான். ஃப்ரெண்டுக்கு அனுப்பின காசு போய்ச் சேரலைன்னா அஞ்சு நாள்லாம் கிடையாது, அடுத்த நாளைக்குள்ளயே திரும்ப வந்துடணும்."

இதைக் கலைஞரிடம் கொடுத்து ஒத்திகை இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறிய இடத்தையும், தன்னையறியாமல் மாற்றிச் சொன்ன இடத்தையும் குறியுங்கள். தடுமாற்றத்தைவிட மாற்றிச் சொன்னது முக்கியம், அவருடைய வாய்க்கு எது இயல்பு என்று அதுதான் காட்டும். எங்கள் கலைஞர் "ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபா" என்பதை "ஒரு நாளைக்கு நூறு ரூபான்னு" என்று படித்தார். அதையே வைத்துக்கொண்டோம்.

அடுத்து, இங்கிலீஷ் அதிகம் பேசாத, ஆனால் போனில் பணம் அனுப்புகிற ஒருவருக்குப் போட்டுக் காட்டி, "என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் கேட்ட அம்மா "ரிவர்ஸ்" என்ற இடத்தில் நின்றார். அது வண்டிக்குத்தானே என்றார். "அக்கவுன்ட்டுக்கே திரும்ப வந்துடணும்" என்று மாற்றினோம். இங்கிலீஷ் சொல் நகரத்தில் புழங்குவதும் எல்லார் காதிலும் ஒரே அர்த்தத்தில் விழுவதும் ஒன்று இல்லை.

8. பேச்சாகச் சொன்னது வாக்குறுதி ஆகிவிட்டதா?

இப்போதுதான் மூலத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். படி 2-இல் குறித்த ஒவ்வொரு துண்டையும் ஸ்கிரிப்ட்டில் தேடி டிக் பண்ணுங்கள், அப்புறம் தலைகீழாகவும் பாருங்கள்: ஸ்கிரிப்ட்டில் இருந்து பட்டியலில் இல்லாதது எது? பேச்சுத் தமிழ் ஆறுதல் சொல்கிற மொழி, அதனால் நம்மையறியாமல் கூடுதலாகக் கொடுத்துவிடுவோம்.

"உங்க காசு எங்கயும் போகாது" என்ற வரியை வங்கியின் சட்டப் பிரிவு அடித்துவிட்டது. முதலில் எனக்குக் கோபம்தான், அந்த வரியில்தான் உயிர் இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரி. தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டவரும், மோசடியில் ஏமாந்தவரும் அதே வீடியோவைப் பார்ப்பார்கள், இந்த 5 நாள் விதி அவர்களுக்கு இல்லை. "டென்ஷன் ஆகாதீங்க, இதுக்கு ஒரு ரூல் இருக்கு" என்று மாற்றினோம். "ஜிபே பண்றீங்க" என்பதும் போனது. எந்த ஆப்பாக இருந்தாலும் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாலும், அது இன்னொரு கம்பெனியின் பெயர், வங்கி வீடியோவில் நிற்காது. "ஸ்கேன் பண்ணி பே பண்றீங்க" ஆனது.

சட்டப் பிரிவு ஒரு கனமான வாக்கியத்தைக் கட்டாயம் வேண்டுமென்றால், அதைக் கலைஞர் வாயில் திணிக்காமல் ஸ்கிரீனில் எழுத்தாகப் போடக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

9. பதிவுக்குப் போகும் பக்கம்

கடைசிப் பிரதியில் தமிழைத் தமிழ் எழுத்திலும் இங்கிலீஷ் சொல்லை ரோமன் எழுத்திலும் அடித்துக் கொடுங்கள். தமிழ் எழுத்தில் "பேக்" என்று இருந்தால் அது பையா, பின்பக்கமா, கட்டி வைப்பதா என்று கலைஞர் ஒரு நொடி யோசிப்பார், அந்த நொடி பதிவில் கேட்கும். உருபை மட்டும் ரோமன் சொல்லோடு இடைவெளி விடாமல் தமிழில் ஒட்டுங்கள், இடைவெளி விட்டால் "அக்கவுன்ட்... ல" என்று படிப்பார்கள்.

நீளத்தைச் சொல் எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். இங்கிலீஷ் ஸ்கிரிப்ட்டின் சொல் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது, "வந்துடுச்சுன்னா" என்பது ஒரே சொல். ஸ்டாப் வாட்ச் வைத்துக் கலைஞரே படிக்கட்டும். மேலே இருக்கிற பத்தி மூலத்தைவிட ரொம்ப நீளம், அதை முன்கூட்டியே எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் "பின்னாடி க்யூல நாலு பேர்" வரியைத்தான் முதலில் வெட்டுவார்.

பதிவு முடிந்ததும் கலைஞர் சொன்னபடி ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, அந்தப் பிரதியைத்தான் சப்டைட்டில் போடுகிறவருக்கு அனுப்ப வேண்டும். பழையதை அனுப்பி, வாயில் "திரும்ப வந்துடணும்", கீழே "ரிவர்ஸ் ஆயிடணும்" என்று ஒருமுறை போய்விட்டது. வீடியோ வெளியான பிறகுதான் கவனித்தோம்.